வேன் பணம் கேட்டு அனுப்பும் சுற்றறிக்கை: கடைசி நாள், ஃபைன், ரீஃபண்டு மூன்றையும் எப்படி எழுதினால் சண்டை வராது?

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு முக்கூடல், சேரன்மகாதேவி, முன்னீர்பள்ளம், செய்துங்கநல்லூர் என்று நாலு திசையிலிருந்தும் பஸ்ஸும் வேனும் வருகின்றன. ஜூன் மாதம் பிறந்ததும் அந்தப் பிள்ளைகளின் டைரியில் ஒரு தாள் ஒட்டப்படும். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்:

"பேருந்துக் கட்டணத்தை ஒவ்வொரு பருவமும் 10ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். தவறும் பட்சத்தில் நாளொன்றுக்கு ரூ.10 வீதம் தாமதக் கட்டணம் வசூலிக்கப்படும். செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. இடையில் விலகுவோர் முன்கூட்டியே தெரிவித்தால் மீதத் தொகை பரிசீலிக்கப்படும்."

நாலே வரிதான். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஆபீஸ் கவுண்டரில் வருஷம் முழுக்க நடக்கும் வாக்குவாதத்தில் பெரும்பகுதி இந்த நாலு வரியில்தான் தொடங்குகிறது. இதைத் திருத்தி எழுத உட்காரும்போது ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எந்த வழிக்கு என்ன விலை என்பதை ஒரே உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். கணக்குக்கு எளிதாக, முக்கூடல் வழித்தடத்தில் வரும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம், மாதம் ரூ.1,200. முதல் பருவம் நாலு மாதத்துக்கு ரூ.4,800, அடுத்த இரண்டு பருவங்களும் மூன்று மாதம் என்பதால் தலா ரூ.3,600. ஏப்ரலில் தேர்வு நாட்களுக்கு வண்டி ஓடினால் தனிப் பணம் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாளில் எழுதாமல் விட்டால், "பத்து மாசமா, பதினோரு மாசமா?" என்ற கேள்வி மார்ச் கடைசியில் நிச்சயம் வரும்.

கடைசி நாள்: 'க்குள்' என்ற ஒட்டு செய்யும் வேலை

"10ஆம் தேதிக்குள்" என்றால் பத்தாம் தேதி சேர்த்தியா, இல்லையா? தமிழில் இதற்கு ஒரே பதில் கிடையாது. பத்தாம் தேதி சாயங்காலம் வரை நேரமிருக்கிறது என்று ஒரு வீட்டில் நினைப்பார்கள். ஒன்பதாம் தேதியோடு முடிந்துவிட்டது என்று கவுண்டரில் நினைப்பார்கள். ஜிபேயில் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பியவர் தன் கணக்கில் சரியாகத்தான் கட்டியிருக்கிறார். ஆபீஸ் மறுநாள் காலை வங்கிக் கணக்கைப் பார்த்து 11ஆம் தேதி வரவு வைத்தால் அவர் ஒரு நாள் பிந்தியவர் ஆகிவிடுகிறார்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. 'பத்தாம் தேதி' என்ற பொதுவிதியை அப்படியே வைத்து, "பத்தாம் தேதியும் சேர்த்து" என்று எழுதுவது முதல் வழி. இது ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் 2026-27 காலண்டரை விரித்துப் பாருங்கள்: அக்டோபர் 10 இரண்டாம் சனிக்கிழமை, வங்கி கிடையாது. ஜனவரி 10 ஞாயிற்றுக்கிழமை, கவுண்டரே கிடையாது. மூன்று பருவத்தில் இரண்டில் விதி இடிக்கிறது. இரண்டாவது வழி, "பருவம் தொடங்கி பத்து வேலைநாட்களுக்குள்" என்பது. எழுதும்போது நியாயமாகத் தெரியும். வேலைநாளை எண்ணுவது யார்? நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அன்று பள்ளி கிடையாது, ஆனால் வங்கி திறந்திருக்கும். அந்த நாள் கணக்கில் வருமா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய தேதியைச் சுற்றறிக்கையில் போடவே கூடாது.

மூன்றாவது வழி, மூன்று பருவத்துக்கும் மூன்று தேதியைக் கிழமையோடு அச்சிடுவது. எங்கள் தேர்வு இதுதான், அதிலும் திங்கட்கிழமையாகப் பார்த்து: 2026 ஜூன் 15, 2026 அக்டோபர் 12, 2027 ஜனவரி 11. மூன்றும் திங்கள். திங்களுக்குக் காரணம் இருக்கிறது. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலும் கட்டட வேலைக்குப் போகும் வீடுகளிலும் காசு வாரக் கடைசியில் கையில் வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கு முதல் வாரத்திலேயே வந்துவிடும். திங்கட்கிழமை இரண்டு வீட்டுக்கும் பொருந்தும். வெள்ளிக்கிழமையைக் கடைசி நாளாக வைத்தால் வாரக்கூலி வீடு ஒவ்வொரு பருவமும் ஃபைனோடுதான் கட்டும்.

தேதியை எண்ணாக மட்டும் எழுத வேண்டாம். "2026 ஜூன் 15, திங்கட்கிழமை" என்று மாதப் பெயரும் கிழமையும் சேர்ந்து வந்தால், அச்சுப் பிழை இருந்தாலும் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதன்கீழ் இரண்டு வரி போதும்: "ஜூன் 15 அன்று கட்டினாலும் ஃபைன் இல்லை. போனில் அனுப்பினால், உங்கள் போனில் 'வெற்றி' என்று காட்டும் தேதியே கட்டிய தேதி." 'நிலுவை' என்று காட்டிவிட்டு மறுநாள் போய்ச் சேர்ந்த பணத்துக்கும் அனுப்பிய தேதியையே எடுப்பது நல்லது. வங்கியின் தாமதத்துக்குப் பெற்றோர் பொறுப்பாக முடியாது.

ஃபைன்: ஜூலை 9ஆம் தேதி வரும் தாத்தா எவ்வளவு கொண்டுவர வேண்டும்?

ஃபைன் விதியைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும். முதல் பருவக் கடைசி நாள் ஜூன் 15. பிள்ளையின் தாத்தா ஜூலை 9, வியாழக்கிழமை பஸ் ஏறி வந்து கட்டுகிறார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவருக்குத் தொகை தெரிந்திருக்க வேண்டும்.

நாளுக்குப் பத்து ரூபாய் விதியில் ஜூன் 16 முதல் ஜூலை 9 வரை 24 நாள், ரூ.240. ஞாயிறைக் கழிக்க வேண்டுமா? இடையில் மூன்று ஞாயிறு இருக்கிறது, கழித்தால் ரூ.210. கட்டும் நாளை எண்ணக் கூடாது என்பவருக்கு ரூ.230. புதன்கிழமை மகன் கணக்குப் போட்டு 5,030 கொடுத்தனுப்பியிருப்பார், வியாழக்கிழமை கவுண்டரில் 5,040 என்பார்கள். பத்து ரூபாய்க்காக ஒரு பெரியவர் வரிசையை விட்டு விலகி நிற்பார். இந்த விதியில் தொகை தினமும் மாறுவதுதான் சிக்கல். இன்னொன்று, அது எங்கும் நிற்பதில்லை. நூறு நாள் பிந்தினால் ஆயிரம் ரூபாய். அந்த நிலைக்குப் போன வீடு பெரும்பாலும் அசலையும் கட்டாது.

சதவீத விதி, அதாவது "மாதம் 2 சதவீதம்", கணக்காளர்களுக்குப் பிடிக்கும். கட்டணம் அதிகமான தூரத்து ஊருக்கு அதிகம், பக்கத்து ஊருக்குக் குறைவு என்பதால் நியாயமும் உண்டு. ஆனால் அதே ஜூலை 9க்குப் பதில் பாருங்கள். 4,800க்கு 2 சதவீதம் ரூ.96. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம் என்றால் ரூ.96. முழு மாதம் ஆகவில்லையே என்றால் ஒன்றுமில்லை. நாள் கணக்கில் பிரித்தால் ரூ.76.80. ஒரே வாக்கியத்துக்கு மூன்று விடை. மூன்றையும் மூன்று பேர் நேர்மையாகவே சொல்ல முடியும்.

படி விதியில் தேதியும் தொகையும் அச்சிலேயே இருக்கும். ஜூன் 15 வரை ஒன்றுமில்லை. ஜூன் 16 முதல் ஜூலை 6 வரை கட்டினால் ரூ.100. ஜூலை 7 அல்லது அதற்குப் பிறகு எப்போது கட்டினாலும் ரூ.200, அதற்கு மேல் ஏறாது. தாத்தா 5,000 ரூபாய் கொண்டுவந்தால் சரியாக இருக்கும். எல்லைத் தேதியைக் கடைசி நாளிலிருந்து சரியாக 21 நாள் தள்ளி வைத்திருப்பதால் ஜூலை 6, நவம்பர் 2, பிப்ரவரி 1 மூன்றும் திங்கட்கிழமையாகவே வருகின்றன.

இந்த விதிக்கும் குறை உண்டு. ஒரு நாள் பிந்தியவரும் மூன்று வாரம் பிந்தியவரும் அதே நூறு ரூபாய் கட்டுகிறார்கள். ஜூன் 16 காலையில் பணத்தோடு வந்தவருக்கு இது உறுத்தும். அதற்காக நாள் கணக்குக்குத் திரும்ப வேண்டியதில்லை. தொகையைச் சின்னதாக வைத்தால் அந்த உறுத்தல் தாங்கக்கூடியதாகிறது. 4,800க்கு நூறு என்பது ஏறக்குறைய இரண்டு சதவீதம். ஃபைன் பணம் சேர்க்கும் வழியாக இருக்கக் கூடாது. டீசல் போடவும் டிரைவர் சம்பளம் கொடுக்கவும் பணம் நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

எந்த விதியை எடுத்தாலும் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒன்று, அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தால் ஃபைன் ஒன்றா இரண்டா? வீட்டுக்கு ஒன்று என்று எழுதுவதே சரி, ஏனென்றால் பிந்தியது ஒரே கைதான். மற்றொன்று வெளியே தெரியாத ஓட்டை. தாத்தா 4,800 மட்டும் கொண்டுவந்தால், சில ஆபீஸ்களில் அதில் முதலில் 200ஐ ஃபைனுக்கு எடுத்துக்கொண்டு, மீதி 4,600ஐக் கட்டணத்தில் வரவு வைப்பார்கள். கட்டணத்தில் 200 பாக்கி நிற்கும். அடுத்த பருவத்தில் அந்த 200க்கும் 'பழைய பாக்கி' என்று பெயர் வந்து, புதிய ஃபைன் ஏறும். முழுக் கட்டணமும் கட்டிவிட்டதாக நம்பும் வீட்டுக்கு இது எங்கிருந்து வந்தது என்றே புரியாது. "வரும் பணம் முதலில் கட்டணத்தில் வரவாகும். ஃபைன் பாக்கிக்கு மேல் ஃபைன் கிடையாது" என்ற வரி இதை அடைத்துவிடும். ரசீதிலும் இரண்டும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

பெயரிலும் குழப்பம் வேண்டாம். அபராதம், தண்டத் தொகை, தாமதக் கட்டணம் என்று ஒரே தாளில் மூன்று பெயர் வந்தால் மூன்றும் வேறுவேறு பணம் என்று படிப்பவர் நினைப்பார். வீட்டில் எல்லோரும் ஃபைன் என்றுதான் சொல்கிறார்கள். அதையே எழுதலாம்.

ரீஃபண்டு: முதலில் முரணை எடுக்க வேண்டும்

"எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் "பரிசீலிக்கப்படும்" என்றால், முதல் வரியைப் பள்ளியும் இரண்டாம் வரியைப் பெற்றோரும் பிடித்துக்கொள்வார்கள். 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல்லைத் தாளிலிருந்து நீக்கிவிட வேண்டும். எவ்வளவு, எப்போது, யார் என்ற மூன்றில் எதற்கும் அதில் பதில் இல்லை.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் பருவத்துக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ரூ.3,600 கட்டியாகிவிட்டது. அப்பாவுக்கு வேலை மாறி, குடும்பம் பாவூர்சத்திரம் போகிறது. நவம்பர் 6ஆம் தேதி ஆபீஸில் கடிதம் கொடுக்கிறார்கள். நவம்பர் 13 பிள்ளை கடைசியாக வண்டி ஏறிய நாள்.

எதுவும் தருவதில்லை என்ற விதி பள்ளிக்கு எளிது, எழுதவும் எளிது. அதற்கு ஒரு நியாயமும் சொல்ல முடியும்: ஒரு பிள்ளை நின்றதால் டிரைவர் சம்பளமோ இன்சூரன்ஸோ டீசலோ குறைவதில்லை, சீட்டு மட்டும்தான் காலி. ஆனால் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஓடாத பயணத்துக்குப் பணம் வைத்துக்கொள்கிறார்கள் என்ற கசப்பு டிசி வாங்கும் நாளில் வெடிக்கும். அதோடு, இந்த விதி இருக்கும் பள்ளிகளில் விவரம் தெரிந்தவர்கள் பருவம் தொடங்கும்போது பணம் கட்டாமல் இழுத்தடிப்பார்கள். கடைசி நாளுக்கான விதியையும் இது கெடுத்துவிடும்.

நாள் கணக்கில் திருப்பித் தந்தால், நவம்பர் 14 முதல் டிசம்பர் 31 வரை 48 நாள். பருவத்தில் மொத்தம் 92 நாள். திரும்பி வருவது ஏறக்குறைய ரூ.1,878. துல்லியமான கணக்குதான். ஆனால் காலண்டர் நாளா, வண்டி ஓடிய நாளா என்று கேள்வி எழும். ஓடிய நாளைப் பருவம் முடியும் முன் யாராலும் சொல்ல முடியாது. டிசம்பரில் மழை விடுமுறை எத்தனை நாள் வரும் என்று யாருக்குத் தெரியும்?

மாதக் கணக்கில், தொடங்கிய மாதம் முழுமாதம். அக்டோபர், நவம்பர் போக டிசம்பருக்கு ரூ.1,200 திரும்பும். எல்லோருக்கும் புரியும் கணக்கு. நவம்பர் 28 நின்றவருக்கு இது சரி. நவம்பர் 2 நின்றவருக்கு இரண்டு நாளுக்கு 1,200 ரூபாய் போய்விடுகிறது. தகராறு முழுக்க மாதத் தொடக்கத்தில் நின்றவர்களிடமிருந்துதான் வரும்.

அரைமாதக் கணக்கில் 1 முதல் 15 வரை ஒரு பாதி, 16 முதல் மாதக் கடைசி வரை மறுபாதி. தொடங்கிய பாதி பள்ளிக்கு. நவம்பர் 13 என்றால் ஒன்றரை மாதம் பள்ளிக்கு, மீதி ஒன்றரை மாதத்துக்கு ரூ.1,800 வீட்டுக்கு. நாள் கணக்கோடு வித்தியாசம் ரூ.78 மட்டுமே, கால்குலேட்டரும் வேண்டாம். அரைமாதத்துக்கு ரூ.600 என்று தாளிலேயே போட்டுவிட்டால் தாத்தாவும் விரல்விட்டு எண்ணிவிடுவார். சீட்டுக்குக் காத்திருப்பவர் யாருமே இல்லாத, தூரத்து வழித்தடங்கள் மட்டும் உள்ள பள்ளிக்கு மாதக் கணக்கு தேவைப்படலாம். மற்ற எல்லோருக்கும் அரைமாதமே நல்லது.

தொகையைவிடப் பெரிய தகராறு தேதியில் இருக்கிறது. "டிரைவர் அண்ணன்ட்ட போன மாசமே சொல்லியாச்சே சார்!" என்று அம்மா சொல்வார். சொல்லியும் இருப்பார். டிரைவர் மறுநாளிலிருந்து அந்த நிறுத்தத்தில் நிற்காமலும் போயிருப்பார். ஆபீஸ் பதிவேட்டில் மட்டும் பெயர் அப்படியே இருக்கும். பழைய தாளில் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்றே எழுதவில்லை என்பதால் அம்மா மேல் தவறு சொல்ல முடியாது. புதிய தாளில் இப்படி இருக்கட்டும்: "டிரைவரிடமோ ஆயாவிடமோ வகுப்பு ஆசிரியையிடமோ சொன்னால் போதாது. ஆபீஸில் கடிதம் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் கொடுத்த நாள், கடைசியாக வண்டி ஏறிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவே நின்ற நாள்." 'பிந்தியது' என்ற சொல் இரு பக்க ஏமாற்றையும் தடுக்கிறது: முன்தேதியிட்ட கடிதமும் செல்லாது, கடிதம் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து ஏறுவதும் செல்லாது.

பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் எழுதப்பட வேண்டும். கடிதம் கொடுத்து 15 நாளுக்குள், பெற்றோர் வங்கிக் கணக்குக்கு, பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு. டிசி வாங்குவதோடு இதைக் கட்டிப்போட வேண்டாம். பள்ளியில் தொடர்ந்து படித்துக்கொண்டே வண்டியை மட்டும் விடுகிறவர்களும் உண்டு.

காய்ச்சல், கல்யாணம், திருவிழா என்று பிள்ளை வராத நாளுக்கு ரீஃபண்டு இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடலாம். யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆனால் பள்ளியே வண்டியை ஓட்டாமல் போனால்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. வண்டி ரிப்பேர் என்று ஒரு வழித்தடம் இரண்டு வாரம் நிற்பதும் நடக்கும். இதற்கு ஒரு எல்லை போடுவது கண்ணியமான வேலை: பள்ளி நடந்தாலும் நடக்காவிட்டாலும், தொடர்ந்து 15 நாளுக்குமேல் வண்டி ஓடாவிட்டால் அரைமாதக் கட்டணம் அடுத்த பருவத்தில் கழிக்கப்படும்.

தாளின் வடிவம்

விதி முடிவானபின் அதைக் கடிதமாக எழுதுவதா, பிள்ளைவாரியான சீட்டாக அச்சிடுவதா என்பது மட்டும் மீதி. கடிதத்தில் "அன்பார்ந்த பெற்றோர்களே" தொடங்கி மூன்றாவது பத்தியில்தான் தேதி வரும். சீட்டில் பெயரும் தொகையும் முதலில் வந்துவிடும். 400 பிள்ளைக்கு அச்சிட ஆபீஸில் ஒரு நாள் வேலை பிடிக்கும், அது வீண்போகாது. அரை ஏ4 தாளில், வீட்டுப் பெரியவர்களும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில், இவ்வளவு போதும்:

> வேன் பணம், 2026-27. வழித்தடம்: முக்கூடல். மாதம் ரூ.1,200, ஜூன் முதல் மார்ச் வரை. ஏப்ரலுக்குத் தனிப் பணம் இல்லை.
>
> முதல் பருவம் ரூ.4,800: கடைசி நாள் 2026 ஜூன் 15, திங்கள். அன்று கட்டினாலும் ஃபைன் இல்லை. ஜூன் 16 முதல் ஜூலை 6 வரை மொத்தம் ரூ.4,900. ஜூலை 7 முதல் மொத்தம் ரூ.5,000.
>
> இரண்டாம் பருவம் ரூ.3,600: கடைசி நாள் 2026 அக்டோபர் 12, திங்கள். அக்டோபர் 13 முதல் நவம்பர் 2 வரை மொத்தம் ரூ.3,700. நவம்பர் 3 முதல் ரூ.3,800.
>
> மூன்றாம் பருவம் ரூ.3,600: கடைசி நாள் 2027 ஜனவரி 11, திங்கள். ஜனவரி 12 முதல் பிப்ரவரி 1 வரை மொத்தம் ரூ.3,700. பிப்ரவரி 2 முதல் ரூ.3,800.
>
> ஃபைன் வீட்டுக்கு ஒன்றுதான். கடைசி நாளில் ஆபீஸ் மூடியிருந்தால் அடுத்துத் திறக்கும் நாள் வரை ஃபைன் இல்லை.
>
> வண்டியை நிறுத்தினால் ஆபீஸில் கடிதம் கொடுக்கவும். தொடங்கிய அரைமாதம் போக, மீதி ஒவ்வொரு அரைமாதத்துக்கும் ரூ.600 திரும்பும். 15 நாளில் வங்கிக் கணக்குக்கு வரும்.

ஃபைனைத் தனியே போடாமல் கூட்டிய மொத்தமாகப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். கையில் எண்ண வேண்டிய தொகை அதுதான். நின்ற நாள், போனில் கட்டிய தேதி, வண்டி ஓடாத நாள் போன்ற மற்ற விதிகள் பின்பக்கத்தில் வரலாம்.

அச்சுக்கு அனுப்பும் முன், ஆபீஸுக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் தாளைக் கொடுத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: "ஜூலை 9 கட்டினா எவ்வளவு?" "நவம்பர் 13 நின்னா எவ்வளவு திரும்பி வரும்?" ஐந்தாயிரம், ஆயிரத்து எண்ணூறு என்று மூன்று பேரும் சொன்னால் தாள் தயார். ஒருவர் "ஆபீஸ்ல கேட்கணும்" என்றால் எந்த வரியில் அவர் நின்றார் என்று பார்த்து அதைத் திருத்த வேண்டும்.

கடைசியாக, பள்ளி டைரியின் விதிமுறைப் பக்கத்தில் "கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற பழைய வரி இன்னும் அச்சில் இருக்கும். டைரி ஏற்கெனவே அச்சாகிவிட்டால் புதிய சீட்டை அந்த வரியின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள். வேறு பக்கத்தில் ஒட்டினால் இரண்டு விதியும் ஒரே டைரியில் உயிரோடு இருக்கும்.